கட்டட வழக்கில் நிபுணர் அறிக்கையைச் சுருக்குவது எப்படி: திருவொற்றியூர் மாதிரி ஒன்றை வைத்துப் பாடம்

தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மேசையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கனமான அறிக்கை வந்து விழுகிறது. "தம்பி, இதைப் படிச்சு ரெண்டு பக்கத்துல சுருக்கிக் குடு, நாளைக்கு ஹியரிங்" என்கிறார் சீனியர். நீங்களும் முன்னுரையில் நாலு வரி, முடிவுரையில் எட்டு வரி எடுத்து, நடுவில் சோதனைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். அப்படிக் கொடுத்த தாள் விசாரணையில் முதல் கேள்விக்கே தாங்காது. நிபுணர் தன் முடிவை எழுதிவிட்டார், அது எல்லோருக்கும் தெரியும். சீனியருக்கு வேண்டியது, அந்த முடிவு எதன் மேல் நிற்கிறது, எங்கே தட்டினால் ஆடும் என்பதுதான்.

நான் சிவில் படித்து, பத்து வருஷம் சைட்டில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதிரி அறிக்கை வைத்திருக்கிறேன். பல வழக்குகளில் பார்த்ததைக் கலந்து நானே தயாரித்தது, அளவுகளும் நான் வைத்தவை. அதையே இங்கே படிப்படியாகச் சுருக்கிக் காட்டுகிறேன்.

கதை இதுதான். திருவொற்றியூரில் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடலிலிருந்து சுமார் 400 மீட்டரில் ஓர் அடுக்ககம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலு மாடி, 16 வீடுகள், 20 தூண்கள். 2019 ஜூனில் சாவி கொடுத்தார்கள். 2022 மழைக்காலத்துக்குப் பிறகு பார்க்கிங் தூண்களில் நெடுக்காக விரிசல் விழுந்து, சில இடங்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. 2023இல் குடியிருப்போர் சங்கம் பில்டருக்கு எழுத்தில் புகார் கொடுத்தது. பில்டர், "கடல் காத்து, உங்க பராமரிப்பு சரியில்லை" என்று பதில் எழுதினார். சங்கம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து 64 பக்க அறிக்கை வாங்கியது. நீங்கள் சங்கத்தின் வக்கீல் ஆபீஸில் இருக்கிறீர்கள்.

சட்டத்தில் இது எங்கே உட்காருகிறது என்பதை ஒரு வரியில் தெரிந்துகொள்ளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் பிரிவு 14(3)படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், பில்டர் தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். ஆக 2019 ஜூன், 2023 புகார், இந்த இரண்டு தேதிகளும் உங்கள் சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். நிபுணர் கருத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வழிசெய்வது பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023இன் பிரிவு 39. பழைய சாட்சியச் சட்டத்தில் 45 என்று எல்லோர் வாயிலும் இருந்த பிரிவுதான் அது. நிபுணர் கருத்து தீர்ப்பாளரைக் கட்டுப்படுத்தாது, காரணங்கள் வலுவாக இருந்தால்தான் எடுபடும். அதனால்தான் காரணங்களைத் தனியாகப் பிரித்து எடுக்கிறோம்.

முதலில் பின்னாலிருந்து படியுங்கள்

அறிக்கையின் கடைசியில் இணைப்புகள் இருக்கும்: நிபுணருக்குக் கொடுத்த கடிதம், லேப் ரிப்போர்ட், போட்டோக்கள், அளவு அட்டவணைகள். முடிவுரையைத் தொடாமல் முதலில் அங்கே போங்கள். முடிவுரையை முதலில் படித்துவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு எண்ணும் அந்த முடிவுக்கு ஆதரவாகவே கண்ணில் படும். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் படித்தேன். ஒரு வழக்கில் "உப்பு மணல் பயன்படுத்தியது உறுதியாகிறது" என்று நிபுணர் எழுதியதை அப்படியே சுருக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன். எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "மாதிரி எந்த ஆழத்தில் எடுத்தது?" பதில் லேப் ரிப்போர்ட்டின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. என் தாளில் இல்லை. சீனியர் அங்கேயே பக்கம் புரட்ட வேண்டியதாயிற்று.

முதலில் பார்க்க வேண்டியது நிபுணருக்குப் போன கடிதம். நம் மாதிரியில் சங்கம் இப்படி எழுதியிருக்கிறது: "பில்டரின் தரக்குறைவான கட்டுமானத்தால் தூண்கள் பாதிக்கப்பட்டிருப்பதை ஆய்வு செய்து அறிக்கை தரவும்." கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேறு காரணம் உண்டா என்று பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை, அறிக்கையும் பார்க்கவில்லை. மேல் மாடிக் குளியலறைக் கசிவு, தரைத்தள நீர்த்தொட்டி, போர் தண்ணீர் எதைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. உங்கள் கட்சிக்காரரின் அறிக்கைதான் என்றாலும் இதைக் குறித்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் படிக்கப்போவதும் அந்தக் கடிதத்தைத்தான்.

நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்து நாலு பத்தியாகக் கோடு போடுங்கள். நிபுணர் கண்ணால் பார்த்தது அல்லது அளந்தது முதல் பத்தியில். பிறர் சொல்லக் கேட்டது இரண்டாவதில். அவராக அனுமானித்துக்கொண்டது மூன்றாவதில். இவற்றிலிருந்து அவர் முடிவாக எடுத்தது நாலாவதில். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண் கட்டாயம்.

சொல்வது சுலபம். ஆனால் அறிக்கையில் இந்த நாலும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கும். மாதிரியின் 31ஆம் பக்கத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: "எம் 25 தரத்தில் வடிவமைக்கப்பட்ட தூண்களில் எடுத்த ஆறு கோர்களின் சராசரி வலிமை 18.9 மட்டுமே இருப்பதால் கலவை தரக்குறைவானது என்பது தெளிவு." எம் 25 என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், கோர் என்பது தூணில் துளைத்தெடுத்த மாதிரி, இரண்டையும் கீழே விளக்குகிறேன். இப்போது அந்த வரியைப் பிரித்துப் பாருங்கள். 18.9 என்பது அளந்தது, முதல் பத்தி. "கலவை தரக்குறைவானது" என்பது முடிவு, நாலாவது பத்தி. "எம் 25 தரத்தில் வடிவமைக்கப்பட்ட" என்பது எங்கே போகும்? அளந்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை. பெயரடை மாதிரி வாக்கியத்துக்குள் நுழைந்திருக்கிறது. அடிக்குறிப்பைத் தேடினால், "சங்கம் தெரிவித்தபடி" என்று இருக்கிறது. ஆக அது இரண்டாவது பத்தி. வடிவமைப்பு வரைபடம் இணைப்பில் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் கட்டுமான ஒப்பந்தத்தின் விவர அட்டவணையைப் புரட்டினால், "ஆர்.சி.சி. பிரேம்டு ஸ்ட்ரக்சர்" என்று மட்டும் போட்டிருக்கிறது. டைல்ஸ் கம்பெனி, குழாய் கம்பெனி எல்லாம் பெயரோடு எழுதுவார்கள், கான்கிரீட்டின் தரத்தை எழுத மாட்டார்கள். பல ஒப்பந்தங்களில் பார்த்துவிட்டேன்.

அனுமானங்களைத் தேடும்போது இந்த மாதிரி இடங்களில்தான் கண் வைக்க வேண்டும். "என அனுமானிக்கப்படுகிறது" என்று வெளிப்படையாக எழுதிய அனுமானம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. வாக்கியத்தின் தொடக்கத்தில் அடைமொழியாக ஒட்டிக்கொண்டு வருவதுதான் அறிக்கையையே தாங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு அனுமானத்தை அசைத்துப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் சராசரியும்தான்.

கோர் என்பது தூணிலிருந்து மெஷின் வைத்துத் துளைத்து எடுக்கும் கான்கிரீட் உருளை. அதை லேபில் நசுக்கி வலிமை பார்ப்பார்கள். ஆனால் எம் 20, எம் 25 என்பதெல்லாம் 15 செ.மீ. கனசதுரத்தின் வலிமை, சதுர மி.மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில். உருளையின் எண்ணைக் கனசதுரத்துக்கு மாற்ற வேண்டும். மாதிரியில் முதல் கோரின் விட்டம் 100 மி.மீ., உயரம் 140 மி.மீ. நசுங்கிய வலிமை சதுர மி.மீட்டருக்கு 18.3 நியூட்டன். உயரம் விட்டத்தின் இரண்டு மடங்காக இருந்தால் திருத்தம் தேவையில்லை. குட்டையான கோர் உள்ளதைவிட அதிக வலிமை காட்டும் என்பதால், அதைக் குறைக்க ஒரு காரணியால் பெருக்குவார்கள். 1.4 மடங்குக்கு அந்தக் காரணி 0.934. பிறகு உருளையிலிருந்து கனசதுரத்துக்கு மாற 1.25ஆல் பெருக்க வேண்டும்.

```
18.3 × 0.934 × 1.25 = 21.4
```

அறிக்கையின் அட்டவணையிலும் 21.4 என்றே இருக்கிறது. சரி, கணக்கு பொருந்துகிறது. ஒரு கோரையாவது இப்படிக் கையால் போட்டுப் பாருங்கள். 1.25ஐ மறந்துவிட்ட அறிக்கையும் உண்டு, லேப் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த எண்ணை நிபுணர் இன்னொரு முறை மாற்றிய அறிக்கையும் உண்டு. முதலாவதில் முடிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், இரண்டாவதில் கால் பங்கு கூடிவிடும்.

ஆறு கோர்களின் மதிப்பு 21.4, 18.2, 17.6, 19.8, 16.9, 19.5. சராசரி 18.9, மிகக் குறைந்தது 16.9. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? கோர்களின் சராசரி, குறிப்பிட்ட தரத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்தத் தனிக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. குறைந்தது மூன்று கோர்களாவது எடுக்க வேண்டும்.

எம் 25 என்றால் சராசரிக்கு 21.25 வேண்டும், தனிக் கோருக்கு 18.75. நம் கோர்கள் இரண்டிலும் தோல்வி. எம் 20 என்றால் சராசரிக்கு 17, தனிக் கோருக்கு 15. இரண்டிலும் தேர்ச்சி! கான்கிரீட் மாறவில்லை, லேப் எண்கள் மாறவில்லை. சங்கச் செயலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன ஒரு தகவலை மாற்றினால் அறிக்கையின் முடிவே தலைகீழாகிறது. சுருக்கத்தில் இதைவிட முக்கியமான வரி கிடையாது.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் உங்கள் சீனியரைப் பாதிக் கிணற்றில் விட்டதுபோல் ஆகும். அடுத்த அடியையும் வையுங்கள். பில்டர் நாளைக்கு வரைபடத்தைக் கொண்டுவந்து "எம் 20தான் போட்டோம்" என்று காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ். 456இல் கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட் "கடுமையான சூழல்" என்ற வகையில் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அங்கே குறைந்தபட்சம் எம் 30. நாலு பக்கமும் திறந்து கிடக்கும் ஸ்டில்ட் பார்க்கிங், கடலிலிருந்து 400 மீட்டர். எம் 20 என்று சொன்ன அந்த நிமிஷமே, வேலையில் குறை என்ற வாதம் போய் வடிவமைப்பிலேயே குறை என்ற வாதம் எழுகிறது. பிரிவு 14(3) இரண்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமானது. ஆனால் நம் மனுவில் எதை எழுதியிருக்கிறோம் என்பது முக்கியம். "கலவையில் கலப்படம்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்த வேண்டியிருக்கும். நிபுணர் இந்தச் சூழல் வகையைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் ஒரு பலவீனம்தான், நம் பக்கம் இருந்தும் நாம் பயன்படுத்தாத பலம் என்று சொல்லலாம்.

தரம் எங்கே எழுதியிருக்கும் என்று தேட வேண்டிய இடங்களையும் கூடவே குறியுங்கள்: ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தின் ஓரக் குறிப்புகள், பதிவுக்காக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்த ஆவணங்கள், கட்டும்போது எடுத்த கியூப் டெஸ்ட் பதிவேடு, ரெடிமிக்ஸ் என்றால் லாரியோடு வந்த சலான். சலானில் தரம் அச்சிட்டே வரும். பில்டரிடம் கேட்டு வாங்க மனுப் போடலாம்.

முறையைப் பார்ப்பது: எதை அளந்தார், எங்கே, எப்படி

முறை என்றதும் ஜூனியர்கள் சோதனைகளின் பட்டியலை எழுதுவார்கள். பட்டியலால் பயனில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை இடத்தில், அந்த இடங்களை யார் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அந்தச் சோதனை எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது.

கோர் இடங்களைப் பார்ப்போம். 20 தூண்களில் நாலே தூண்களிலிருந்து ஆறு கோர். நாலும் விரிசல் விழுந்தவை. நல்லாயிருக்கும் தூணிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆனால் முடிவுரை "கட்டடத்தின் தூண்கள்" என்று 20ஐயும் சேர்த்துப் பேசுகிறது. நாலு தூணைப் பற்றிச் சொல்லலாம், மற்ற பதினாறைப் பற்றிச் சொல்ல அவரிடம் தரவு இல்லை.

போட்டோக்களைக் கூர்ந்து பாருங்கள். நிபுணர் எழுதாததைப் போட்டோ காட்டிவிடும். நம் மாதிரியில் ஐந்தாவது கோரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிற உருளை, நடுவில் கருங்கல் ஜல்லி பளபளக்கிறது, ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு பிறை வடிவம், அதைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை. அது வெட்டுப்பட்ட ரிங் கம்பி. கோருக்குள் கம்பி மாட்டினால் அந்த எண்ணை நம்ப முடியாது, அப்படிப்பட்ட கோரைத் தவிர்க்க வேண்டும். ஐந்தாவது கோர்தான் மிகக் குறைந்த 16.9ஐக் கொடுத்தது. அதை நீக்கினால் சராசரி 19.3 ஆகும். எம் 25க்கு அப்போதும் தேறாது, ஆகவே முடிவு மாறவில்லை. இதையும் சேர்த்தே எழுதுங்கள்: "ஐந்தாவது கோர் ஆட்சேபத்துக்குரியது, ஆனால் நீக்கினாலும் விளைவு அதேதான்." எந்தக் குறை முடிவை மாற்றும், எது மாற்றாது என்று பிரித்துக் கொடுத்தால், எதற்காகச் சண்டை போடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று சீனியர் தீர்மானித்துக்கொள்வார்.

அடுத்து ரிபவுண்ட் ஹேமர். கான்கிரீட் மேல் ஸ்பிரிங் சுத்தியலை அழுத்தி, அது எவ்வளவு துள்ளி வருகிறது என்று பார்க்கும் சோதனை. அறிக்கை இதன்படி சராசரி 24 என்கிறது, கோர் 18.9 என்கிறது. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கம் இல்லை. பில்டர் தரப்பு 24ஐப் பிடித்துக்கொள்ளும். ஹேமர் பார்ப்பது மேற்பரப்பின் கடினத்தைத்தான். அதிலிருந்து சொல்லும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது தரநிலையே ஒப்புக்கொண்ட விஷயம். அதோடு, காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்த மேற்பரப்பு இறுகிவிடும், சுத்தியல் அதிகமாகத் துள்ளும். அப்படிப் புகுந்திருப்பதற்கு அறிக்கையிலேயே சான்று இருக்கிறது, அதற்குத்தான் அடுத்து வருகிறேன். அல்ட்ராசோனிக் சோதனையும் செய்திருக்கிறார், ஆனால் இந்த வழக்கின் முடிவு அதன் மேல் நிற்கவில்லை. ஒரு வரி போதும்.

கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட்

இந்த அறிக்கையில் நம் பக்கத்துக்கு உண்மையிலேயே பலமான பகுதி கவர்தான். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் தடிமனைச் சொல்கிறேன். ஆனால் நிபுணர் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்: "ஆறு தூண்களில் சராசரி கவர் 24 மி.மீ., தேவையானது 40."

இணைப்பில் அட்டவணையைப் பாருங்கள். 13, 15, 26, 28, 30, 32. சராசரி 24தான், சரி. ஆனால் முதல் இரண்டுக்கும் மற்ற நாலுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? குறிப்புப் பத்தியில் பதில் இருக்கிறது: முதல் இரண்டு தூண்களில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு அளந்திருக்கிறார், மற்ற நாலில் பூச்சின் மேலேயே, கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் கவர் மீட்டரை வைத்திருக்கிறார். சிமென்ட் பூச்சைக் கவராகக் கணக்கில் எடுக்கக்கூடாது. பூச்சு 12 மி.மீட்டரிலிருந்து 15 வரை இருந்தால், அந்த நாலு தூண்களிலும் நிஜக் கவர் 11 மி.மீட்டரிலிருந்து 20 வரைதான். இரண்டு வேறு விதமாக அளந்ததைக் கூட்டி ஆறால் வகுத்துவிட்டதால், 24 என்ற எண் எந்தத் தூணையும் குறிக்கவில்லை. எதிர்த்தரப்பு இதைப் பிடித்து "அளவே தப்பு" என்று சொல்லலாம். நாம் முந்திக்கொண்டு சொன்னால், "அளவு தப்பாக இருப்பது பில்டருக்குச் சாதகமாகத்தான், நிஜம் இன்னும் மோசம்" என்று ஆகிவிடும்.

ஐ.எஸ். 456 தூணின் நீளக் கம்பிக்குக் குறைந்தது 40 மி.மீ. கேட்கிறது. கடுமையான சூழல் வகைக்கு 45. மீட்டர் முதலில் தொடுவது ரிங் கம்பியை, நீளக் கம்பி அதற்கு உள்ளே இருக்கும். 8 மி.மீ. ரிங் என்று வைத்தால்கூட 13உம் 8உம் 21. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் 40க்குப் பக்கத்தில் வரவில்லை. முக்கியமாக, இந்த வாதத்துக்கு எம் 20ஆ எம் 25ஆ என்ற கேள்வியே தேவையில்லை.

கரியமில வாயு புகுந்ததற்குச் சான்று இருக்கிறது என்றேனே, இப்போது அந்தப் போட்டோ. 52ஆம் பக்கத்தில், துளைத்தெடுத்த கோரை உடைத்து, புதுப் பரப்பில் பினால்ப்தலீன் தெளித்த படம். காரத்தன்மை இருக்கும் கான்கிரீட் ரோஸ் நிறத்துக்கு மாறும், கரியமில வாயு புகுந்து காரம் போன பகுதி நிறம் மாறாது. படத்தில் வெளிப்பக்கம் ஒரு பட்டை சாம்பலாகவே இருக்கிறது, பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறார்கள், சுமார் 14 மி.மீ. அதற்கு உள்ளே பளிச்சென்று ரோஸ். கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரம்தான். ரிங் கம்பி 13இல் இருக்கிறது, காரம் போன பட்டை 14 வரை வந்துவிட்டது. கவர் 40 இருந்திருந்தால் அந்தப் பட்டை இத்தனை சீக்கிரம் கம்பியைத் தொட்டிருக்காது. துருவுக்கான காரணத்தை விளக்க இவ்வளவும் போதும். நிபுணர் படத்தைப் போட்டுவிட்டு, உரையில் இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இல்லை. சுருக்குகிறவர் புதிதாக நிபுணர் கருத்தைச் சொல்லக்கூடாது. ஆனால் "பக். 52 படமும் பக். 47 அட்டவணையும் சேர்த்துப் படிக்கத்தக்கவை, நிபுணரிடம் விளக்கம் கேட்க வேண்டும்" என்று எழுதலாம், எழுதவும் வேண்டும்.

உப்பு எங்கிருந்து வந்தது

அறிக்கையின் மிகச் சத்தமான வரி இதுதான்: "குளோரைடு 0.91 கிலோ, அனுமதி 0.6. ஆகவே பில்டர் உப்பு மணலும் உப்புத் தண்ணீரும் பயன்படுத்தியுள்ளார்." கடலோரத்தில் இதைக் கேட்டதும் சங்கத்து ஆட்களுக்குக் கோபம் பொங்கும். கோபம் நியாயமாக இருக்கலாம், இந்த வரி தாங்காது.

லேப் கொடுத்தது கான்கிரீட் எடையில் 0.038 சதவீதம். நிபுணர் ஒரு கன மீட்டர் 2400 கிலோ என்று வைத்துப் பெருக்கியிருக்கிறார். அது வழக்கமான அனுமானம், விட்டுவிடலாம். சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, தரநிலையின் 0.6 என்ற வரம்பு கான்கிரீட் போடும் நேரத்தில் அதில் இருக்கும் குளோரைடுக்கானது. இவர் அளந்தது கட்டி முடித்து ஐந்து வருஷம் கடல் காற்றில் நின்ற பிறகு. இரண்டாவது, மூன்று மாதிரியும் மேலிருந்து 25 மி.மீ. ஆழத்துக்குள் எடுத்தவை. உப்பு வெளியிலிருந்து வந்திருந்தால் மேற்பரப்பில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். கலவையிலேயே இருந்திருந்தால் ஆழம் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரே ஆழத்தில் எடுத்த பொடியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. அதே தூண்களில் 25 மி.மீ. இடைவெளியில் மூன்று நாலு ஆழங்களில் பொடி எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதும். பில்டர் தரப்பு சங்கடப்படுத்துவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு மணல் வாதத்தைக் கைவிட்டு, கவர் குறைவு வாதத்தை முன்னே நிறுத்தலாம். அது சீனியர் எடுக்கும் முடிவு. ஆனால் அவர் முன்னால் இந்த இரண்டு வழியும் இருப்பது உங்கள் தாளைப் படித்தால் தெரிய வேண்டும்.

செலவு மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 86 லட்சம் என்பது ஒரே ஒரு ஒப்பந்ததாரரின் கொட்டேஷன், 20 தூணுக்கும் ஜாக்கெட்டிங், அதாவது சுற்றிலும் புதுக் கான்கிரீட் உறை, போடும் கணக்கு. சோதனை நாலு முதல் ஆறு தூண்களில்தான் நடந்திருக்கிறது. அந்த இடைவெளியை ஒரு வரியில் எழுதிப் பக்க எண் போடுங்கள்.

எழுதும்போது

வினைச்சொல்லில் கவனம் வேண்டும். நிபுணர் அளந்ததற்கு "அளந்துள்ளார்", கேட்டதற்கு "சங்கம் சொன்னதாகக் குறிப்பிடுகிறார்", முடிவுக்கு "என்று கருதுகிறார்". "உறுதியாகிறது", "நிரூபணமாகிறது" என்ற சொற்களை நிபுணரே எழுதியிருந்தாலும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், உங்கள் குரலில் சொல்லாதீர்கள். உங்கள் சொந்தக் கருத்தைச் சுருக்கத்தோடு கலக்காமல் கீழே "குறிப்பு" என்று தனியாக எழுதுங்கள். கடிதம், தேதிகள் எல்லாம் போக, நம் மாதிரியின் சுருக்கத்தில் கோர் பற்றிய பத்தி இப்படி வரும்:

"நிபுணர் நாலு விரிசல் விழுந்த தூண்களிலிருந்து ஆறு கோர்கள் எடுத்து, சமமான கனசதுர வலிமை சராசரி 18.9, குறைந்தது 16.9 என அளந்துள்ளார் (பக். 31, 44). வடிவமைப்புத் தரம் எம் 25 என்று சங்கம் சொன்னதாகக் குறிப்பிடுகிறார் (பக். 31 அடிக்குறிப்பு), வரைபடம் இணைக்கப்படவில்லை. இதன் அடிப்படையில் கான்கிரீட் தரக்குறைவானது என்று கருதுகிறார் (பக். 31). குறிப்பு: தரம் எம் 20 எனில் இதே அளவுகள் ஐ.எஸ். 456இன் கோர் வரம்புக்குள் வரும். அப்படியானால் கடலோரச் சூழலுக்கான குறைந்தபட்சத் தரம் எம் 30 என்ற கேள்வி எழும், நிபுணர் அதைத் தொடவில்லை. ஐந்தாவது கோரில் கம்பி உள்ளது (பக். 50 படம்), நீக்கினாலும் எம் 25க்கான முடிவு மாறாது."

ஆறு வாக்கியம்தான். கவருக்கு இதே அளவு, குளோரைடுக்கு இதே அளவு, செலவுக்கு இரண்டு வரி. இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். வரிசையை மட்டும் யோசித்து வையுங்கள். அறிக்கையில் கோர் முதலில் வருகிறது, குளோரைடு அப்புறம், கவர் கடைசியில். உங்கள் தாளில் கவர் முதலில் வரட்டும், ஏனென்றால் யார் சொன்ன தகவலையும் நம்பாமல் தன் காலில் நிற்பது அது ஒன்றுதான்.

மூன்றாவது தாள் ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். அது நிபுணருக்குப் போக வேண்டிய கேள்விகள்: எம் 25 என்பதற்கு ஆவணம் என்ன, பூச்சு எடுக்காத நாலு தூண்களில் கவரை மறுபடி அளக்க முடியுமா, பக். 52 படத்தில் நிறம் மாறாத ஆழத்தை எழுத்தில் தருவாரா, குளோரைடுக்கு ஆழவாரியாகப் பொடி எடுக்க எத்தனை நாள் ஆகும். சங்கத் தலைவரிடமும் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். அளந்து முடியும்வரை அந்தத் தூண்களுக்குப் பூச்சு போடவோ பெயின்ட் அடிக்கவோ கூடாது. மழைக்கு முன்னால் நல்லெண்ணத்தில் யாராவது ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசிவிடுவார்கள். பூசிவிட்டால் கம்பி தெரிந்த இடம் சிமென்டுக்கு அடியில் போய்விடும், எதிர்த்தரப்பு கேட்டு அட்வகேட் கமிஷனர் பார்க்க வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழும் அபாயம் இருந்தால் பூச வேண்டாம், அந்தப் பக்கம் கயிறு கட்டி வண்டி நிறுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். தாங்கு கம்பம் கொடுக்க வேண்டுமா என்று அதே இன்ஜினியரிடம் அன்றைக்கே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.